பம்பு செட் டீலர்ஷிப் கேட்டு மண்டல அலுவலகத்துக்கு எழுதும் கடிதம்

ஒரு மோட்டார் பம்பு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், டீலர்ஷிப் கேட்டு வரும் கடிதங்கள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ‘தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தின் தரமான தயாரிப்புகளை எங்கள் மாவட்டம் முழுவதும் விற்பனை செய்ய ஆவலாக உள்ளோம்’ என்று தொடங்கும். எங்கள் நிறுவனம் புகழ்பெற்றது என்பது எங்களுக்கே தெரியும். கடை எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைக் கடிதத்தின் முத்திரையில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

மண்டல மேலாளர் அந்தக் கடிதத்தில் தேடுவது இரண்டே விஷயங்கள். இப்போது இருக்கும் டீலர்கள் விற்காத மோட்டாரை இந்தக் கடை விற்குமா? விற்றால் பணம் ஒழுங்காக வருமா? கடை, வட்டாரம், அனுபவம் என்று நீங்கள் எழுதும் எல்லாமே இந்த இரண்டுக்கும் பதிலாக இருக்க வேண்டும். திருச்சி மாவட்டம் துறையூரில் பன்னிரண்டு ஆண்டுகளாக நடக்கும் ஒரு ஹார்டுவேர் கடை என்று ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு, அதன் உரிமையாளர் எப்படி எழுதலாம் என்று பார்ப்போம். எண்களும் என் கற்பனைதான். உங்கள் கடை எண்களை அந்த இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எதைக் கேட்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சில நிறுவனங்கள் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மொத்த விநியோகஸ்தரை வைத்து, அவர் வழியாகவே கடைகளுக்குச் சரக்கு அனுப்பும். அங்கே உங்களுக்குக் கிடைக்கக்கூடியது சப் டீலர் நிலை. வேறு சில நிறுவனங்கள் கிளைக் கிடங்கிலிருந்து கடைக்கு நேராக பில் போடும். முதல் வகை நிறுவனத்திடம் நேரடி டீலர்ஷிப் கேட்டு எழுதினால், கடிதம் அந்த விநியோகஸ்தரிடமே திரும்பி வரும். அவரைத் தாண்டிப் போனவர் என்ற பெயரோடு அவரிடமே போய் நிற்க வேண்டியிருக்கும்.

இதை அறிந்துகொள்ள எளிய வழி, அந்த பிராண்டை விற்கும் பக்கத்து ஊர்க் கடையில் ஒரு மோட்டாரின் விலை கேட்டு, ‘சரக்கு எங்கிருந்து வருகிறது’ என்று பேச்சுவாக்கில் விசாரிப்பது. அப்படியே முசிறியில் யார், பெரம்பலூரில் யார், உப்பிலியபுரம் பக்கம் யாராவது உண்டா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நம் துறையூர்க்காரர் விசாரித்ததில், முசிறியிலும் பெரம்பலூரிலும் டீலர் இருக்கிறார்கள், துறையூரிலிருந்து பச்சைமலை அடிவாரம் வரை யாரும் இல்லை என்று தெரிந்தது. அவருடைய கடிதத்தின் முதுகெலும்பே இந்த ஒரு செய்திதான். ‘மாவட்டம் முழுவதும்’ என்று எழுதினால், ஏற்கெனவே இருக்கும் டீலரின் வாடிக்கையாளரைப் பிடுங்க வருகிறவராக மேலாளருக்குத் தெரிவார். ‘இந்த இடைவெளி’ என்று எழுதினால் புது விற்பனையாகத் தெரியும்.

பில் புத்தகத்தோடு ஒரு மாலை

கடையை மூடியபின் கடந்த ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான பில்களை எடுத்துவைத்து, எத்தனை மோட்டார் விற்றது என்று எச்.பி. வாரியாக எண்ணுங்கள். கணினியில் பில் போடுகிறவர்கள் பம்புகளுக்கான எச்.எஸ்.என். எண் 8413-ஐக் கொடுத்தால் பட்டியலே வந்துவிடும். ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். பில்லில் எண்ணிப் பார்த்தால், மனத்தில் இருந்த எண்ணிக்கையைவிடக் குறைவாகத்தான் வரும். அதற்காக வருத்தப்பட வேண்டாம். ஜி.எஸ்.டி. கணக்கோடு ஒத்துப்போகும் சிறிய எண்ணுக்கு அலுவலகத்தில் மதிப்பு உண்டு.

நம் கடைக்காரருக்கு வந்த கணக்கு இது: ஒரு எச்.பி. வரையிலான வீட்டு மோட்டார் 58, ஒன்றரை முதல் மூன்று எச்.பி. வரை 17, ஐந்து எச்.பி. 19, ஏழரை எச்.பி. 16, பத்து எச்.பி. 4. ஆக மொத்தம் 114. இதில் ஐந்து எச்.பி.யும் அதற்கு மேலும், அதாவது விவசாய மோட்டார்கள் 39. அந்த 39-இல் 27 மார்ச் முதல் ஜூன் வரையிலான நான்கு மாதங்களில் போயிருக்கின்றன. இந்தக் கடைசி வரியை எழுத மறக்காதீர்கள். கோடையில் மோட்டார் எரிந்தால் வயலில் பயிர் நிற்கும். விவசாயி இரண்டு நாள் காத்திருக்க மாட்டார். சரக்கு பிப்ரவரியிலேயே கடையில் இருக்க வேண்டும் என்பது தெரிந்தவர் எழுதிய கடிதம் இது என்று அந்த ஒரு வரி காட்டிவிடும்.

இன்னொரு தகவலும் அதே பில்களில் ஒளிந்திருக்கிறது. போர்க் கிணற்றில் மோட்டாரோடு இறக்கும் ‘காலம் பைப்’ பெரும்பாலும் பத்தடி நீளத்தில் வரும். ஒரு மோட்டாரோடு 55 பைப் போயிருந்தால், மோட்டார் ஏறக்குறைய 550 அடியில் தொங்குகிறது. இப்படிப் பத்துப் பதினைந்து பில்களைப் பார்த்தால் உங்கள் பகுதியில் எந்த ஆழத்துக்கு மோட்டார் இறங்குகிறது என்பது கிடைத்துவிடும். ஆழம் தெரிந்தால் எத்தனை ஸ்டேஜ் உள்ள பம்பு ஓடும் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். அதே ஏழரை எச்.பி.யில் குறைந்த ஸ்டேஜில் அதிகத் தண்ணீர் தள்ளும் மாடலும் உண்டு, அதிக ஸ்டேஜில் குறைந்த தண்ணீரை அதிக உயரத்துக்குத் தள்ளும் மாடலும் உண்டு. காவிரிக் கரையில் போகிற மாடலைக் கொண்டுவந்து மலையடிவாரக் கடையில் அடுக்கினால், அது தூசி படிந்து கிடக்கும். போர் ஆறரை அங்குலமா, பழைய நாலரை அங்குலமா என்பதையும் இதோடு ஒரு வரியில் சேருங்கள். இத்தனை ஆண்டுகளில் இதை எழுதியிருந்த கடிதங்கள் எனக்கு நாலைந்துதான் வந்திருக்கும். அந்தக் கடைகளுக்கு நான் அந்த வாரமே கிளம்பிப் போனேன்.

வட்டாரம் என்றால் மெக்கானிக்குகள்

புதியவர்கள் சறுக்கும் இடம் இது. ‘சுற்றியுள்ள 60 கிராமங்களுக்கு எங்கள் கடைதான்’ என்று எழுதுவார்கள். பம்பு வியாபாரத்தில் கிராமங்களின் எண்ணிக்கைக்கு அதிக அர்த்தம் இல்லை. மோட்டார் எரிந்தால் விவசாயி முதலில் கூப்பிடுவது கடைக்காரரை அல்ல, மோட்டாரை ஏற்றி இறக்கும் மெக்கானிக்கை. முக்காலியும் செயின் பிளாக்கும் கொண்டுவந்து மோட்டாரை வெளியே எடுத்துப் பார்த்து, ‘இதற்குக் காயில் கட்டலாம்’ அல்லது ‘புதுசு வாங்கிவிடுங்கள்’ என்று சொல்பவர் அவர். எந்த பிராண்டு, எந்தக் கடை என்பதும் அநேகமாக அங்கேயே முடிவாகிவிடும்.

ஆகவே வட்டாரத்தை மெக்கானிக்குகளால் எழுதுங்கள். உங்கள் கடையில் கேபிளும் பைப்பும் பேனல் போர்டும் வாங்க எத்தனை பேர் வருகிறார்கள்? மாதம் தவறாமல் வருகிறவர்கள் எத்தனை பேர், எந்த ஊர்? காயில் கட்டும் கடைகள் எத்தனை உங்களிடம் செம்புக் கம்பி வாங்குகின்றன? போர் போடும் லாரிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் முகவர்களோடு பழக்கம் உண்டா?

நம் கடைக்காரர் எண்ணியதில் 14 மெக்கானிக்குகள் வந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் மாதந்தோறும் வாங்குகிறவர்கள். அந்த ஒன்பது பேரிடமும் சொல்லிவிட்டு, பெயரும் ஊரும் கைபேசி எண்ணும் தனித்தாளில் எழுதி இணைத்தார். சொல்லாமல் எழுதக் கூடாது. மரியாதை ஒருபுறம் இருக்க, அலுவலகத்திலிருந்து நிச்சயம் அழைப்பு போகும். ஒருமுறை ‘நாற்பது மெக்கானிக்குகள் என் கைவசம்’ என்று எழுதியிருந்த ஒருவரிடம், ‘பத்துப் பேரின் பெயரைச் சொல்லுங்கள்’ என்று கேட்டேன். இரண்டு பெயர் சொல்லிவிட்டு, மூன்றாவதற்குக் கல்லாவில் இருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பேச்சு தேநீரோடு முடிந்தது.

கடையைப் பற்றி

இங்கே அடக்கமாக எழுதினால் போதும். முகப்பு எத்தனை அடி, உள்ளே எத்தனை சதுர அடி, கிடங்கு எங்கே, சொந்தமா வாடகையா, வாடகை என்றால் ஒப்பந்தம் எந்த ஆண்டு வரை. லாரி வாசலில் நிற்குமா என்பதையும் சொல்லுங்கள். கடை குறுகிய தெருவில் இருந்தால் அதை மறைக்காமல், சரக்கு இறக்க வேறு இடம் இருப்பதைக் குறிப்பிடுங்கள். மும்முனை மின் இணைப்பு இருந்தால் தனியாக எழுத வேண்டும். விவசாய மோட்டாரையும் பேனலையும் வாடிக்கையாளர் முன்னால் ஓட்டிக் காட்ட அது தேவை. நான்கு புகைப்படங்கள் போதும்: வாசல், உள்பக்கம், கிடங்கு, எதிர்ச்சாரியிலிருந்து தெரு. பொங்கலுக்கு வெள்ளையடித்த அன்று எடுத்ததாக இல்லாமல், வியாபாரம் நடக்கும் சாதாரண நாளில் எடுத்ததாக இருந்தால் நல்லது.

அனுபவம் என்பது எரிந்த மோட்டாரில் தெரியும்

‘பன்னிரண்டு ஆண்டு அனுபவம்’ என்பது ஒரு தகவல் மட்டுமே. மோட்டார் விற்றவர் எல்லோரும் சந்திக்கும் சோதனை, உத்தரவாதக் காலத்துக்குள் திரும்பி வரும் மோட்டார். கிராமப்புறத்தில் இவற்றில் பல, மின்னழுத்தக் குறைவாலோ ஒரு முனை போய் இரண்டு முனையில் ஓடியதாலோ எரிந்தவை. தயாரிப்புக் குறைபாடு இல்லை என்று நிறுவனம் சொல்லும். விற்ற நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று விவசாயி சொல்வார். நடுவில் நிற்பது கடைக்காரர்.

நம் கடைக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. மோட்டார் இறக்கிய அன்று மெக்கானிக்கிடம் மூன்று முனைகளின் மின்னழுத்தத்தையும், மோட்டார் இழுக்கும் ஆம்பியரையும், இறக்கிய ஆழத்தையும் கேட்டு உத்தரவாத அட்டையின் பின்னால் எழுதிவைப்பார். கடந்த ஆண்டு உத்தரவாதத்தில் திரும்பியது மூன்று மோட்டார். ஒன்று தயாரிப்புக் குறை, மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு இருமுனையில் ஓடி எரிந்தவை. அட்டையைக் காட்டி, காயில் கட்டும் செலவில் பாதியைக் கடை ஏற்று முடித்தார். இதை ஐந்து வரியில் எழுதியதைவிடப் பெரிய அனுபவச் சான்று எதுவும் இல்லை. தோல்வியை எழுதுவதா என்று தயங்குவீர்கள். ஒரு மோட்டாரும் திரும்பி வந்ததில்லை என்று எழுதுகிறவரைத்தான் அலுவலகம் சந்தேகப்படும்.

பணம்

மொத்த விற்றுமுதல், அதில் மோட்டார் பங்கு, முதல் சரக்குக்கு ஒதுக்கும் தொகை, வெளியில் நிற்கும் கடன் ஆகிய நான்கும் தெரிந்தால் போதும். கடன் பற்றி எழுத வெட்கப்படத் தேவையில்லை. அறுவடைக்குப் பின் பணம் தருகிறேன் என்று சொல்லாத விவசாயி இல்லை, அது விற்பனை அலுவலருக்கும் தெரியும். அவர் அறிய விரும்புவது, அந்தக் கடன் எத்தனை நாளில் திரும்புகிறது என்பதை. 90 நாளைத் தாண்டியது எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள்.

கடிதம்

இவ்வளவும் கையில் இருந்தால் எழுதுவது ஒரு மணி நேர வேலை. ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

> அனுப்புநர்: (உரிமையாளர் பெயர், கடைப் பெயர், முகவரி, கைபேசி, ஜி.எஸ்.டி. எண்)
>
> பெறுநர்: மண்டல மேலாளர் அவர்கள், (நிறுவனத்தின் பெயர்), திருச்சிராப்பள்ளி.
>
> பொருள்: துறையூர் – உப்பிலியபுரம் பகுதிக்குப் பம்பு செட் டீலர்ஷிப் கோருதல்.
>
> ஐயா,
>
> வணக்கம். துறையூர் கடைவீதியில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஹார்டுவேர் மற்றும் மோட்டார் பம்பு கடை நடத்திவருகிறேன். தங்கள் நிறுவனத்துக்கு முசிறியிலும் பெரம்பலூரிலும் டீலர்கள் உள்ளனர். துறையூர், உப்பிலியபுரம், சோபனபுரம், கோட்டப்பாளையம் பகுதி விவசாயிகள் தங்கள் நிறுவன மோட்டாரை வாங்க அவ்வூர்களுக்குச் செல்ல வேண்டியுள்ளது. இப்பகுதிக்கு எனக்கு டீலர்ஷிப் வழங்கக் கோருகிறேன்.
>
> கடந்த ஏப்ரல் முதல் மார்ச் வரை என் கடையில் 114 மோட்டார்கள் விற்றுள்ளன. அவற்றில் ஐந்து எச்.பி.யும் அதற்கு மேலும் 39. அந்த 39-இல் 27 மார்ச் முதல் ஜூனுக்குள் விற்றவை. எச்.பி. வாரியான பட்டியலை இணைத்துள்ளேன். இங்குள்ள போர்கள் பெரும்பாலும் ஆறரை அங்குலம். என் பில்களின்படி மோட்டார்கள் 450 முதல் 700 அடி வரை இறக்கப்படுகின்றன. சரக்கைத் திருச்சி மொத்தக் கடைகளில் வாங்கிவருகிறேன். எந்த நிறுவனத்துக்கும் நான் நேரடி டீலர் இல்லை.
>
> கடை சொந்தக் கட்டடம். முகப்பு 18 அடி, உள்பரப்பு 540 சதுர அடி. 200 மீட்டர் தொலைவில் 400 சதுர அடிக் கிடங்கு உள்ளது. லாரி கிடங்கு வாசல்வரை வரும். மும்முனை மின் இணைப்பு உள்ளது.
>
> 14 மெக்கானிக்குகள் என்னிடம் பொருள் வாங்குகிறார்கள். மாதந்தோறும் வாங்கும் ஒன்பது பேரின் விவரத்தை அவர்கள் சம்மதத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் நேரில் விசாரிக்கலாம்.
>
> மோட்டார் இறக்கும் நாளில் மின்னழுத்தம், ஆம்பியர், ஆழம் ஆகியவற்றைக் குறித்துவைக்கிறேன். கடந்த ஆண்டு உத்தரவாதக் காலத்தில் திரும்பியவை மூன்று. அவை முடிக்கப்பட்ட விதத்தைத் தனித்தாளில் எழுதியுள்ளேன்.
>
> கடையின் ஆண்டு விற்றுமுதல் 1.1 கோடி ரூபாய். அதில் மோட்டார் சுமார் 21 லட்சம். வெளியில் நிற்கும் கடன் 3.4 லட்சம், 90 நாளைத் தாண்டியது 60 ஆயிரம். முதல் சரக்குக்கு 6 லட்சம் ரூபாய் ஒதுக்கியுள்ளேன். முதல் ஆண்டில் தங்கள் மோட்டார் 45 விற்க முடியும் என எதிர்பார்க்கிறேன். அதில் 20 விவசாய மோட்டார்.
>
> தங்கள் அலுவலர் வரும் நாளை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியதில்லை. ஞாயிறு தவிர எல்லா நாளும் கடையில் இருப்பேன்.
>
> இப்படிக்கு, (கையொப்பம், முத்திரை)

114 மோட்டார் விற்கும் கடை ஏன் 45 என்று எழுதுகிறது என்று கேட்கலாம். இன்று வேறு பிராண்டு வாங்கும் எல்லோரும் நாளைக்கே மாறிவிட மாட்டார்கள். மெக்கானிக்குகள் ஒரு கோடை முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகே நம்புவார்கள். அதோடு, கடிதத்தில் எழுதிய எண்ணே உங்கள் ஆண்டு இலக்காகத் திரும்பி வரும். தள்ளுபடியும் ஊக்கத்தொகையும் அந்த இலக்கைத் தொட்டால்தான் கிடைக்கும். 100 என்று எழுதி 60 விற்றவருக்கு, 45 என்று எழுதி 60 விற்றவருக்குக் கிடைப்பது கிடைக்காது.

இணைப்பில் ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று, பான் அட்டை நகல், உத்யம் பதிவு இருந்தால் அது, கட்டட வரி ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம், ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவை போதும். தமிழில் எழுதலாம். மண்டல மேலாளருக்குத் தமிழ் தெரியாது என்று விசாரணையில் தெரிந்தால், ஆங்கிலத்தில் பெயர்த்த பிரதி ஒன்றையும் சேருங்கள். விரைவுத் தபாலில் அனுப்புவதைவிட நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. அப்படியே உங்கள் பகுதியைப் பார்க்கும் விற்பனை அலுவலர் யார் என்று கேட்டு எண் வாங்கிவிடலாம். பத்து நாள் கழித்து அவருக்கு ஒருமுறை பேசுங்கள். தினமும் பேசாதீர்கள்.

அலுவலர் வந்தால் முதலில் உங்களிடம் வர மாட்டார். எதிர்க் கடையில் தேநீர் குடித்தபடி அரை மணி நேரம் உங்கள் வாசலைப் பார்ப்பார். நானும் அப்படித்தான் செய்தேன். யார் வருகிறார்கள், கைலியில் கிரீஸ் கறையோடு மெக்கானிக் வந்து உரிமையோடு கல்லாப் பக்கம் போகிறாரா என்று கவனிப்பார். பிறகு உள்ளே வந்து, பழைய சரக்கு எவ்வளவு தேங்கியிருக்கிறது, உத்தரவாத அட்டைகள் எங்கே என்று கேட்பார். கடிதத்தில் எழுதிய எண்கள் பில்லில் இருந்து வந்தவை என்றால் அவர் கேட்கும் எதையும் தேட வேண்டியிருக்காது.

ஒப்புதல் வந்தபின் வைப்புத்தொகையும் காசோலையும் கேட்பார்கள். வைப்புத்தொகையை நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள்; அலுவலரின் கணக்குக்கோ, கடையைப் பார்க்கவே வராமல் ‘டீலர்ஷிப் பதிவுக் கட்டணம்’ கேட்டுத் தொலைபேசியில் அழைப்பவருக்கோ அனுப்பாதீர்கள். தெரிந்த நிறுவனங்களின் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுவது பெருகியிருக்கிறது. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கேட்டால், அதன் எண்ணைக் குறிப்பிட்டு ‘டீலர் கணக்குக்குப் பிணையாக மட்டும்’ என்று எழுதிய கடிதத்தோடு கொடுத்து, நகலில் அவர்கள் கையொப்பம் வாங்குங்கள். காசோலை திரும்பினால் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின் கீழ் வழக்கு வரும். எந்த நிலுவைக்காக அந்தக் காசோலை கொடுக்கப்பட்டது என்று அன்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்த நகல்தான். அதை டீலர் ஒப்பந்தத்தோடு ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள்.